இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் புதிதாக வருபவருக்கு எதை முதலில் காட்டுவது: பின் செய்த பதிவா, ஹைலைட் வரிசையா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அக்கா பாரம்பரிய அரிசி விற்கிறார். மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி, கிச்சிலி சம்பா. சொந்த வயலில் விளைவது பாதி, அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் வாங்குவது மீதி. இன்ஸ்டாகிராமில் அவர் போட்ட நடவு ரீல் ஒன்று நன்றாக ஓடியது. ஊர் ஊராக ஆட்கள் அவருடைய பக்கத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது ஆடிப்பெருக்கு வாழ்த்து, அதற்கடுத்து ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கடுத்து மழையில் நனைந்த களத்தின் படம்.

"தம்பி, நான் எல்லாத்தையும் போட்டுத்தான் வெச்சிருக்கேன். எந்த அரிசி எதுக்கு, எப்படி வடிக்கணும், எப்படி அனுப்புவோம், எல்லாம் இருக்கு. ஆனா வர்றவங்க ஒண்ணையும் பாக்காம அதே மூணு கேள்வியத்தான் கேக்குறாங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எல்லாம் இருந்தது, ஆனால் கீழே கீழே போய்ப் புதைந்திருந்தது. டெல்டாவில் தொழில் செய்யும் பலர் என்னிடம் கேட்பதும் இதே சிக்கலைத்தான்: நம்மிடம் உள்ள நல்ல சரக்கை மேலே பின் செய்து வைப்பதா, ஸ்டோரிகளாகப் போட்டு ஹைலைட் வட்டத்தில் கோத்து வைப்பதா? இரண்டையும் செய்யலாம்தானே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் எதை எதில் வைப்பது என்று தெரியாமல் இரண்டிலும் ஒன்றையே போட்டால் வேலை இரட்டிப்பாகும், கேள்வி குறையாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, வந்தவர் எதையும் தொடாமலே அது கண்ணில் படுகிறதா. புதிதாக வருபவர் நம் பக்கத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. ஒரு முறை தொட்டால்தான் தெரியும் என்றால் அந்த ஒரு தொடுதலுக்கே பலர் மிஞ்சமாட்டார்கள்.

இரண்டாவது, வரிசை நிலைக்கிறதா. "எந்த அரிசி எதுக்கு" என்பதைப் பார்க்காமல் "எப்படி வடிப்பது" என்பதைப் பார்த்தால் பயன் இல்லை. நாம் சொல்லும் முறையிலேயே அவர் பார்க்கிறாரா?

மூன்றாவது, ஒன்றை மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு வேலை. அரிசிக்கு ஒவ்வோர் அறுவடைக்கும் விலை மாறும், கையிருப்பு மாறும். பலரும் இதை யோசிக்காமல் தொடங்கிவிடுகிறார்கள், மூன்று மாதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான்காவது, பார்த்து முடித்தவர் அடுத்து என்ன செய்வார். அங்கிருந்தே வாட்ஸ்ஆப்பில் கேட்க முடியுமா, இல்லை எண்ணைத் தேடி அலைய வேண்டுமா?

## பின் செய்த பதிவுகள்

2022 ஜூனில் இந்த வசதி வந்தது. நம் பக்கத்தின் மேல் வரிசையில் மூன்று பதிவுகளை நிறுத்தி வைக்கலாம். ரீல் ஆனாலும் படம் ஆனாலும் சேர்த்து மூன்றுதான். பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் பின் செய்யும் தெரிவு வரும். கடைசியாகப் பின் செய்தது இடது ஓரத்தில் நிற்கும். ஆகவே இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வர வேண்டுமானால் மூன்றாவதை முதலில் பின் செய்து, பிறகு இரண்டாவதை, கடைசியில் ஒன்றாவதைப் பின் செய்ய வேண்டும். தலைகீழாகச் செய்துவிட்டு "வரிசை மாறிடுச்சே" என்று குழம்புகிறவர்கள் நிறைய.

முதல் அளவுகோலில் பின் பதிவு தெளிவாக முன்னே நிற்கிறது. பக்கத்தைத் திறந்ததும் மூன்று படமும் தெரிகின்றன. அதனால் பதிவின் உள்ளடக்கத்தைவிட அதன் முகப்புப் படம் முக்கியம். "எந்த அரிசி எதுக்கு?" என்று பெரிய எழுத்தில் முகப்பில் இருந்தால், தொடாதவருக்கும் இங்கே பதில் இருக்கிறது என்று புரியும். இப்போது கட்டம் சதுரமாக இல்லை, உயரவாக்கில் இருக்கிறது. பழைய சதுரப் படங்களில் ஓரத்தில் எழுதியிருந்தால் எழுத்து வெட்டுப்படும். பின் செய்த பிறகு வேறொருவர் போனில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வரிசை விஷயத்தில் பின் பதிவு பலவீனமானது என்று பலர் சொல்வார்கள். மூன்று தனித்தனி ரீல் வைத்தால் அது உண்மை. வந்தவர் நடுவில் உள்ளதைத் தொடுவார், பார்த்துவிட்டுப் போவார். ஆனால் பல படங்களை ஒன்றாகக் கோத்து ஒரே பதிவாகப் போடும் கேரோசல் இருக்கிறதே, அதில் வரிசை அசையாது. 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு கேரோசலில் 20 படம் வரை போடலாம். நமக்கு எட்டு, பத்து போதும். ஸ்டோரியைப் போல அது தானாக ஓடாது. படிப்பவர் தன் வேகத்தில் தள்ளிக்கொண்டு போகலாம், பின்னால் வரலாம், சேமித்து வைக்கலாம்.

இந்தச் சேமிப்பு சின்ன விஷயமாகத் தெரியும். அரிசி வாங்கியவர் அதை என்று சமைக்கிறாரோ அன்றுதான் அவருக்கு "எவ்வளவு நேரம் ஊறணும்" என்ற கேள்வி வரும். அன்று அவர் தேடிப் போவது தான் சேமித்த பதிவைத்தான். இல்லையென்றால் நம் வாட்ஸ்ஆப்புக்கு வருவார். சென்னையில் இருக்கும் மகள் அந்தப் பதிவை ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதும் எளிது.

இனி இதன் மறைமுகச் செலவு. போட்ட பதிவின் கீழே எழுதியதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். படத்தின் மேல் எழுதியதைத் திருத்த முடியாது. அக்கா தன் முதல் கேரோசலில் ஒவ்வோர் அரிசியின் கிலோ விலையையும் படத்தின் மேலேயே அழகாக எழுதியிருந்தார். அடுத்த அறுவடையில் விலை ஏறியது. பழைய படத்தைக் காட்டி "நீங்க போட்ட விலைதானே, இப்ப ஏன் கூட கேக்குறீங்க" என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். அந்தப் பதிவில் ஐம்பதுக்கு மேல் நல்ல கருத்துகள் இருந்தன. அழித்தால் அதெல்லாம் போகும், வைத்திருந்தால் சண்டை தீராது. கடைசியில் பின்னிலிருந்து எடுத்துவிட்டு, விலை இல்லாமல் புதிதாக ஒன்று போட்டோம்.

அந்தக் கருத்துகளுக்கும் பராமரிப்பு உண்டு. பின் செய்த பதிவில் "விலை?" என்று யாரோ கேட்டு, பதில் இல்லாமல் எட்டு மாதம் கிடந்தால் புதிதாக வரும் ஒவ்வொருவரும் அதைப் பார்ப்பார்கள். வாரம் ஒரு முறை அந்த மூன்று பதிவையும் மட்டுமாவது திறந்து பதில் சொல்ல வேண்டும். நல்ல கருத்து ஒன்றைப் பதிவுக்குள் மேலே பின் செய்யவும் முடியும்.

தேதியும் கவனிக்க வேண்டியது. பதிவைத் திறந்தால் போட்ட நாள் தெரியும். மூன்று இடத்திலும் மூன்று வருடம் முந்தைய பதிவு நின்றால், "இன்னும் நடத்துறீங்களா?" என்ற கேள்வி வரும். மேல் வரிசை முழுவதையும் பின்கள் அடைத்துக்கொள்வதால் நேற்றுப் போட்டது இரண்டாம் வரிசைக்குப் போய்விடுகிறது, அது பலர் கண்ணில் படாது.

கடைசியாக, கேப்ஷனில் எழுதும் லிங்க்கைத் தொட்டால் எதுவும் திறக்காது. பார்த்து முடித்தவர் பக்கத்துக்குத் திரும்பிப் போய், பயோவில் உள்ள லிங்க்கைத் தொட வேண்டும். நான்காவது அளவுகோலில் பின் பதிவு தோற்பது இங்கேதான்.

## ஹைலைட் வரிசை

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதை எடுத்து நம் பெயருக்குக் கீழே வட்டமாக நிரந்தரமாக வைப்பதுதான் ஹைலைட். 2017 டிசம்பரில் வந்தது. ஒரு வட்டத்துக்குள் 100 ஸ்டோரி வரை வைக்கலாம் என்றாலும் புதியவருக்கு எட்டு அல்லது ஒன்பதுக்கு மேல் வைக்காதீர்கள். ஸ்டோரி ஆர்கைவ் அமைப்பு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அது அணைந்திருந்தால் 24 மணி நேரத்துக்குப் பிறகு அந்த ஸ்டோரியை மீட்டு ஹைலைட்டில் சேர்க்க வழி இல்லை.

கண்ணில் படுவதில் ஹைலைட் பின் பதிவுக்கு ஒரு படி கீழே. வட்டமும் கீழே இரண்டு சொல்லும் மட்டும்தான் தெரியும். பெயருக்கு 15 எழுத்தளவுதான் இடம். தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் "வாடிக்கையாளர் கருத்து" என்றெல்லாம் வைக்க முடியாது. திரையில் அதற்கும் குறைவாகவே தெரியும். நாங்கள் "முதலில்" என்று வைத்தோம். புதிதாக வருபவர் தொட வேண்டியது எது என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. "எங்கள் கதை" என்று வைப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து. வந்தவர் அரிசி தேடி வந்திருக்கிறார், கதை தேடி வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. இன்ஸ்டாகிராம் கணக்கு இல்லாதவர் யாரோ அனுப்பிய லிங்க் மூலம் வந்தால், ஹைலைட்டைத் தொட்டதும் உள்நுழையச் சொல்லும். டெல்டாவில் வீட்டுச் சமையல் பொருளை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் வாட்ஸ்ஆப் மட்டும் வைத்திருக்கும் அம்மாவோ அத்தையோதான். அவர்களுக்கு ஹைலைட் எட்டாது.

வரிசை நிலைப்பதில் ஹைலைட்டுக்கு நல்ல பெயர் உண்டு, பாதிதான் உண்மை. உள்ளே ஸ்டோரிகள் போட்ட நேர வரிசைப்படி ஓடும். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பார்ப்பவர் நம் கைப்பிடித்து நடப்பது போல இருக்கும். ஆனால் நான்காவது அட்டையில் ஒரு தவறு என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டுச் சரியானதைப் போட்டால் அது நான்காவது இடத்தில் உட்காராது, கடைசிக்குப் போகும். "எங்களிடம் கேட்க இங்கே தொடுங்கள்" என்று முடித்த பிறகு "கருப்பு கவுனியை இரவே ஊற வையுங்கள்" என்று வந்து நிற்கும். சரிசெய்ய ஒரே வழி, நான்கிலிருந்து கடைசி வரை அத்தனையையும் மறுபடி ஸ்டோரியாகப் போடுவதுதான். அன்று நம்மைப் பின்தொடரும் பழைய வாடிக்கையாளர் எல்லோரும் அதே ஐந்து ஸ்டோரியை மறுபடி பார்ப்பார்கள். இதைத் தவிர்க்க சிலர் நெருங்கிய நண்பர்கள் பட்டியலுக்கு மட்டும் போட்டு ஹைலைட்டில் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்தால் ஹைலைட்டிலும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும். புதிதாக வருபவருக்குத் தெரியவே தெரியாது. நம் போனில் சரியாக இருப்பதுபோலவே காட்டுவதால் இது சீக்கிரம் பிடிபடாது.

வட்டங்களின் வரிசையும் நகரும். எந்த வட்டத்தில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தோமோ அது இடது ஓரத்துக்கு வரும். அக்கா தினமும் பார்சல் அனுப்பும் படத்தை "அனுப்பியது" வட்டத்தில் சேர்த்துக்கொண்டே இருந்தார். "முதலில்" வட்டம் மெல்ல மெல்ல வலது பக்கம் தள்ளப்பட்டு, தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் இடத்துக்குப் போய்விட்டது. "முதலில்" வட்டத்துக்குள் ஏதாவது ஒரு பழைய ஸ்டோரியைச் சேர்த்துவிட்டு உடனே நீக்கினால் வட்டம் மறுபடி முன்னே வரும். இப்போது அவர் சனிக்கிழமை இரவு கணக்கு முடித்ததும் இதைச் செய்கிறார்.

ஸ்டோரியில் எழுதுவதற்கும் அளவு உண்டு. படமாகப் போட்ட ஸ்டோரி ஏறக்குறைய ஐந்து விநாடி நிற்கும். விரலால் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம், ஆனால் புதியவர் அதற்கு மெனக்கெடமாட்டார். மாப்பிள்ளை சம்பா பற்றிய அட்டையில் அக்கா முதலில் எழுதியது இது: "மாப்பிள்ளை சம்பா அரிசியை நன்றாகக் கழுவி இரவு முழுவதும் ஊற வைத்து மறுநாள் காலையில் ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துக் குக்கரில் ஆறு விசில் விட்டு எடுத்தால் கஞ்சிக்குப் பதமாக இருக்கும்." அதை அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். குக்கர் வருவதற்குள் அட்டை மாறிவிட்டது. அதை "மாப்பிள்ளை சம்பா: கஞ்சிக்கு, இட்லிக்கு. இரவே ஊறணும்" என்று சுருக்கினோம். தண்ணீர் அளவும் விசிலும் கேரோசலுக்குப் போயின. வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இன்னொன்று, மேலும் கீழும் பெயர், பதில் பெட்டி எல்லாம் எழுத்தை மறைக்கும். திரையின் மேலே ஏழில் ஒரு பங்கும் கீழே ஏழில் ஒரு பங்கும் விட்டுவிட்டு நடுவில் எழுதுங்கள்.

அப்படியென்றால் ஹைலைட் எதற்கு? நான்காவது அளவுகோலுக்கு. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் வைக்கலாம். 2021 அக்டோபரிலிருந்து எல்லாக் கணக்குக்கும் இது உண்டு. பார்த்து முடித்த அதே இடத்தில் தொட்டால் வாட்ஸ்ஆப் திறந்து, செய்தியும் தயாராக நிற்கும். இதற்கு லிங்க் இப்படி அமையும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Arisi%20vivaram%201
```

எக்ஸ் உள்ள இடத்தில் உங்கள் எண். கடைசியில் உள்ளதுதான் தயாராக நிற்கும் செய்தி. கடைசி 1 எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

முகமும் குரலும் ஹைலைட்டில்தான் நன்றாக வரும். கேரோசலில் அக்காவின் படம் இருக்கும். ஹைலைட்டின் முதல் வீடியோவில் அவர் களத்தில் நின்று "இது எங்க நெல்லு, போன வாரம் அறுத்தது" என்று கையில் அள்ளிக் காட்டுகிறார். 12 விநாடிதான். காசை முன்னாலேயே அனுப்பத் தயங்கும் ஒருவருக்கு அந்த 12 விநாடி செய்வதை எழுத்து செய்யாது.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | பின் செய்த பதிவு | ஹைலைட் வரிசை |
|---|---|---|
| தொடாமலே தெரிகிறதா | முகப்பு முழுதும் தெரியும் | வட்டமும் பெயரும் மட்டும் |
| கணக்கு இல்லாதவருக்கு | ஓரளவு தெரியும் | உள்நுழையச் சொல்லும் |
| வரிசை | கேரோசலுக்குள் அசையாது | போட்ட நேரப்படி. நடுவில் செருக முடியாது |
| படிக்கும் வேகம் | படிப்பவர் கையில் | படத்துக்கு ஏறக்குறைய ஐந்து விநாடி |
| திருத்தம் | கேப்ஷனை மாற்றலாம், படத்தை முடியாது | அங்கிருந்து கடைசி வரை மறுபடி போட வேண்டும் |
| அடுத்த அடி | பயோவுக்குத் திரும்ப வேண்டும் | லிங்க் ஸ்டிக்கர் |
| தொடர் வேலை | கருத்துகளுக்குப் பதில் | வட்டத்தை முன்னே கொண்டுவருவது |

## அக்காவின் பக்கத்தில் செய்தது

திரும்பப் படிக்க வேண்டியதைப் பின் பதிவில் வைத்தோம். கேட்கத் தூண்ட வேண்டியதை ஹைலைட்டில் வைத்தோம். விலையை இரண்டிலும் வைக்கவில்லை.

இடது பின், அரை நிமிட ரீல்: நாற்றங்கால், நடவு, அறுவடை, மூட்டை. யார், எந்த ஊர், என்ன விற்கிறோம் என்று அதிலேயே தெரிந்துவிடும். நடுப் பின், "எந்த அரிசி எதுக்கு?" என்ற ஆறு படக் கேரோசல். தினச் சோற்றுக்குத் தூயமல்லியும் கிச்சிலி சம்பாவும், கஞ்சிக்கும் இட்லிக்கும் மாப்பிள்ளை சம்பா, இனிப்புப் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் கருப்பு கவுனி. வெந்த பிறகு எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றையும் வாழையிலையில் வைத்து எடுத்த படம். வலது பின், வடிக்கும் முறை: ஊறும் நேரம், தண்ணீர் அளவு, விசில். கருப்பு கவுனி ஊறிய தண்ணீர் கருநீலமாகும், அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள் என்று ஒரு தனிப் படம். இதைச் சொல்லாத காலத்தில் "சாயம் போகுது" என்று படம் எடுத்து அனுப்பியவர்கள் உண்டு.

"முதலில்" வட்டத்தில் ஏழு அட்டை. அக்கா களத்தில் நிற்கும் வீடியோ, நான்கு அரிசியும் நான்கு கிண்ணத்தில், "எது எதுக்கு" சுருக்கமாக இரண்டு அட்டை, வண்டு பற்றி ஒன்று, பார்சல் கட்டும் வீடியோ, கடைசியில் லிங்க். வண்டு அட்டையை வைக்க அக்கா தயங்கினார். "வாங்க வந்தவங்ககிட்ட முதல்லயே வண்டு வரும்னு சொல்லணுமா?" என்று கேட்டார். மருந்து அடிக்காத அரிசியில் வண்டு வரும், நிழலில் உலர்த்திச் சலித்து, வசம்பும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தால் குறையும். இதை வாங்கும் முன் தெரிந்துகொண்டவர் வண்டைப் பார்த்தால் சலிப்பார். தெரியாதவர் பார்த்தால் பார்சலைத் திருப்பி அனுப்புவார். யோசித்துப் பார்த்து, அந்த அட்டையையும் வைத்தோம். "வண்டு வராம இருக்க என்ன பண்ணணும்" என்று இப்போது முன்கூட்டியே கேட்கிறார்கள்.

விலை வாட்ஸ்ஆப்பில் மட்டும். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் உள்ள கேட்டலாக்கில் விலையை மாற்றினால் வேலை முடிந்தது. ஹைலைட்டின் கடைசி அட்டையில் "இன்றைய விலைக்கு இங்கே தொடுங்கள்" என்று இருக்கிறது.

## வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

ஸ்டோரிக்குக் கீழே வரும் எண்களில் `Exited`, `Back` இரண்டையும் பாருங்கள். ஓர் அட்டையில் மட்டும் `Back` கூடுதலாக இருந்தால், படித்து முடிக்கும் முன் மாறிவிட்டது, திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள் என்று பொருள். எழுத்தைக் குறையுங்கள். ஆனால் முதல் நாள் எண்களை முழுதாக நம்பாதீர்கள். அன்று பார்ப்பவர்கள் ஏற்கனவே நம்மைப் பின்தொடர்பவர்கள். அவர்களுக்கு நான்கு அரிசியும் தெரியும், பாதியில் வெளியேறுவார்கள். நாம் வரிசை கட்டியது அவர்களுக்காக அல்ல. யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் 48 மணி நேரத்துக்குப் பிறகு கிடைக்காது.

அதனால்தான் லிங்க்கில் அந்த 1. ஹைலைட்டின் லிங்க்கில் 1 என்றும் பயோவில் உள்ள லிங்க்கில் 2 என்றும் வைத்தோம். வாட்ஸ்ஆப்பில் "Arisi vivaram 1" என்று வந்தால் அவர் வரிசையைப் பார்த்துவிட்டு வந்தவர், 2 என்று வந்தால் பயோ வழியாக வந்தவர். சிலர் தயாராக நிற்கும் செய்தியை அழித்துவிட்டுத் தாங்களே எழுதுவார்கள், அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பயோ வழியாக வந்தவர் பின் பதிவைப் பார்த்தாரா இல்லையா என்பதும் இதில் தெரியாது. இருந்தாலும் அக்கா ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு ஒரு மாதம் குறித்து வைத்தார். 2 என்று வருபவர்கள்தான் எண்ணிக்கையில் கூடுதல். ஆனால் 1 என்று வருபவர்கள் "எது வாங்கலாம்" என்று கேட்பதில்லை, "தூயமல்லி அஞ்சு கிலோ, திருச்சிக்கு" என்று நேராக வருகிறார்கள். அதைப் பார்த்த பிறகு, கேரோசல் இரண்டின் கடைசிப் படத்திலும் "மேலே 'முதலில்' வட்டத்தைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். படத்தை மாற்ற முடியாதே, அதற்காக இரண்டையும் புதிதாகவே போட வேண்டியிருந்தது. நீங்கள் முதல் முறையிலேயே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

## உங்களுக்கு எது

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு விற்பவர் என்றால் பின் பதிவையே நம்புங்கள். அடி, தண்டு, அகல், உச்சி என்று பிரித்துப் பூட்டும் அதே விளக்கு வருடக்கணக்கில் விற்கிறது. உயரம், எடை, துலக்கும் முறை எல்லாம் ஒரு கேரோசலில் நிற்கும், அது பழசாகாது.

திருபுவனம் பட்டு விற்பவருக்கு இதற்கு நேர்மாறு. பின் செய்த சேலை நேற்றே விற்றுப்போயிருக்கும், வருபவர் எல்லோரும் அதையே கேட்பார்கள். பின்னில் சேலையை வைக்காமல் தறியை வைக்கலாம்: ஓர் இடத்தில் நெசவு வீடியோ, மற்ற இரண்டு இடமும் காலி, புதுச் சேலை மேல் வரிசையிலேயே வரட்டும். ஹைலைட்டில் பட்டைச் சோதிப்பது, அனுப்பும் முறை, வாட்ஸ்ஆப் லிங்க். சேலைகளை ஸ்டோரியாகப் போட்டு விற்றதும் விட்டுவிடலாம்.

வீட்டுச் சாப்பாடு, பலகாரம் தருபவர் உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் தருகிறார் என்றால் ஹைலைட் வரிசைக்கு மெனக்கெட வேண்டாம். எந்த ஊர் வரை கொண்டுவந்து தருவோம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு பின் பதிவு போதும்.

தனி ஆளாக எல்லாவற்றையும் பார்ப்பவர், வாரத்துக்கு அரை மணி நேரம்தான் இதற்குக் கிடைக்கும் என்றால், முதலில் நடுப் பின் ஒன்றை மட்டும் செய்யுங்கள். "எது எதுக்கு" என்ற அந்த ஒரு கேரோசல்தான் அக்காவின் போனில் வந்துகொண்டிருந்த கேள்விகளில் பெரும்பகுதியைக் குறைத்தது. ஹைலைட்டை அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் தொடங்கினோம்.

இந்த முறை தையில் சம்பா அறுவடை முடிந்ததும் இடது ஓர ரீலை மட்டும் புதிதாக எடுப்பதாக இருக்கிறோம், தேதி புதிதாகத் தெரிவதற்காக. களத்து வீடியோவையும் புதிதாக எடுக்கலாமா என்று அக்கா கேட்டார். அது வரிசையில் முதல் அட்டை. மாற்றினால் ஏழையும் மறுபடி போட வேண்டும். "சரி தம்பி, அப்ப 'போன வாரம் அறுத்தது'ன்னு சொல்லாம எடுப்போம், அடுத்த வருஷமும் ஓடும்" என்றார்.